மூன்று வாரத்தில் ஏறிய 800 கிராம்: ஒரு நிகழ்வு ஆய்வு

எடை குறைக்க என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர் ஒரு பெண். வயது 34, உயரம் 160 செ.மீ., உட்கார்ந்து செய்யும் வேலை. வேறு நோய் எதுவும் இல்லை, மாத்திரையும் எடுப்பதில்லை. மாதவிடாய் 27 முதல் 30 நாளுக்கு ஒருமுறை வந்துவிடும். சாப்பாட்டில் நாளுக்குச் சுமார் 300 கலோரியைக் குறைத்துக்கொண்டு, திங்கள்தோறும் காலையில் வரும் எடையைத் தாளில் குறித்து வந்தார். முதல் திங்கள் 68.2 கிலோ. அடுத்தது 67.9. அதற்கடுத்தது 68.0. நான்காவது திங்கள் 69.0.

"மூணு வாரம் வாயைக் கட்டினதுக்கு முக்கால் கிலோவுக்கு மேல ஏறியிருக்கு. ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திடவா மேடம்?" என்று கேட்டார்.

நிறுத்த வேண்டாம், இன்னும் பத்து நாள் இதே மாதிரி சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றேன். அவருக்கு அதில் பெரிய திருப்தி இல்லை. ஆனால் அப்போது எங்கள் கையில் இருந்தவை நான்கே எண்கள்; அவற்றை வைத்து வேறெதுவும் சொல்ல முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். உடல் கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 7700 கலோரி. நாளுக்கு 300 வீதம் 21 நாளில் 6300 கலோரி குறைந்திருக்கும், அதாவது 800 கிராம் கொழுப்பு போயிருக்க வேண்டும். மெஷினோ 800 கிராம் கூட்டிக் காட்டுகிறது. எதிர்பார்த்ததற்கும் காட்டியதற்கும் 1.6 கிலோ இடைவெளி. இது முழுவதும் தண்ணீராக இருக்கலாம். அவர் நினைத்ததைவிட நாளுக்கு 600 கலோரி அதிகமாகச் சாப்பிட்டிருந்தாலும் இதே எண்தான் வரும். அப்படிச் சாப்பிடுவதும் நடக்கக்கூடியதே. நான்கு திங்கள்கிழமைகள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. எடை எந்த நாளில் எப்படி ஏறியது, எப்படி இறங்கியது என்ற வடிவம்தான் காட்டும்.

நல்ல வேளையாக அவர் தினமும் மெஷினில் ஏறியிருந்தார். செயலி எல்லாவற்றையும் சேமித்து வைத்திருந்தது. திங்கள்கிழமை எண்ணை மட்டும்தான் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து வந்தபோது தேதிகளை ஓரமாக வைத்துவிட்டு, இரத்தப்போக்கு தொடங்கிய நாளை முதல் நாள் என்று வைத்து எல்லா எண்களையும் மறுபடி அடுக்கினோம். அவர் எடை பார்க்கத் தொடங்கிய முதல் திங்கள், சுழற்சியின் 7-ஆம் நாள். நான்காவது திங்கள் 28-ஆம் நாள். அந்தச் சுழற்சி 29 நாளில் முடிந்தது. அதாவது உடம்பில் நீர் மிகக் குறைவாக இருக்கும் நாட்களில் ஒன்றையும் மிக அதிகமாக இருக்கும் நாட்களில் ஒன்றையும் எதிரெதிரே வைத்து, நடுவில் உணவுக் கட்டுப்பாடு என்ன செய்தது என்று பார்த்திருக்கிறார்.

சுழற்சி முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் நாள்வாரியாகப் பார்த்தால் இப்படி இருந்தது:

| சுழற்சி நாள் | கிழமை | எடை (கிலோ) |
|---|---|---|
| 24 | வியாழன் | 68.0 |
| 25 | வெள்ளி | 68.1 |
| 26 | சனி | 68.2 |
| 27 | ஞாயிறு | 68.9 |
| 28 | திங்கள் | 69.0 |
| 29 | செவ்வாய் | 68.8 |
| 1 | புதன் | 68.6 |
| 2 | வியாழன் | 68.3 |
| 3 | வெள்ளி | 67.9 |
| 4 | சனி | 67.6 |
| 5 | ஞாயிறு | 67.4 |
| 6 | திங்கள் | 67.2 |
| 7 | செவ்வாய் | 67.2 |

இந்தப் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவே உள்ள 700 கிராம் குதிப்பு. சனி இரவு என்ன நடந்தது என்று கேட்டேன். ஒரு விசேஷம், வெளியில் சாப்பாடு, எல்லாமே கொஞ்சம் உப்பு தூக்கல், இரவெல்லாம் தாகம். 700 கிராம் கொழுப்பு சேர வேண்டுமானால் உடல் செலவழிப்பதற்கு மேல் 5400 கலோரி ஒரே இரவில் உள்ளே போயிருக்க வேண்டும். எந்த விருந்திலும் அது நடக்காது.

உப்புக்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது. இரத்தத்திலும் செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் உப்பின் அடர்த்தியை உடல் மிகக் குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்ளும். மருத்துவமனையில் ஏற்றும் சாதாரண சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பதும் ஏறக்குறைய இந்த அடர்த்திக்காகத்தான். ஆகவே கூடுதலாக உள்ளே போன உப்பு வெளியேறும் வரை, ஒன்பது கிராமுக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் அது தண்ணீரைப் பிடித்துவைக்கும். தாகம் எடுக்கும், குடிப்போம், சிறுநீரகமும் தண்ணீரை எளிதில் விடாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள். ஒரே வேளையில் வழக்கத்தைவிட ஐந்தாறு கிராம் கூடிப்போவது வெளிச் சாப்பாட்டில் அரிதே அல்ல. அது அப்படியே தங்கினால் அரை லிட்டருக்கு மேல் நீர்.

ஆனால் 700 கிராமையும் உப்பின் தலையில் கட்டுவது சரியில்லை. அன்றைய சாப்பாடு அளவிலும் பெரியது, நேரம் கழித்துச் சாப்பிட்டது. மறுநாள் காலையில் அதன் ஒரு பகுதி இன்னும் குடலில்தான் இருந்திருக்கும். மாவுச்சத்தும் வழக்கத்தைவிட அதிகம். தசையும் கல்லீரலும் மாவுச்சத்தைச் சேமித்துவைக்கும் வடிவம் கிளைக்கோஜன்; கட்டுப்பாட்டில் இருக்கும் உடம்பில் அது கொஞ்சம் காலியாக இருக்கும். மாவுச்சத்து கிடைத்ததும் அது நிரம்பும், ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். உப்பு, குடலில் உள்ள உணவு, கிளைக்கோஜன் மூன்றும் ஒரே இரவில் வருவதால் "உப்பு ஏற்றம்" என்று நாம் சுருக்கமாகச் சொல்வது உண்மையில் ஒரு கலவை. இவற்றை வீட்டு மெஷினால் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் மூன்றும் சில நாட்களில் கூடவே இறங்கிவிடும்.

அந்த இறக்கம்தான் இவருடைய பட்டியலில் தெளிவாகத் தெரியவில்லை. உப்பு நீர் மட்டும் என்றால் ஞாயிறு ஏறி, திங்கள், செவ்வாய், புதனுக்குள் பெரும்பகுதி போயிருக்க வேண்டும். திங்கள் இன்னும் நூறு கிராம் கூடியிருக்கிறது, செவ்வாய் 68.8-இல் நிற்கிறது. உப்பு இறங்கிய அதே நாட்களில் மற்றொன்று அதன் உச்சியில் இருந்தது என்பதே நான் வந்த முடிவு.

அது சுழற்சி நீர். சனி காலை எண்ணைப் பாருங்கள்: 68.2. விருந்துக்கு முன்பு எடுத்தது. 7-ஆம் நாளிலிருந்து 19 நாள் கட்டுப்பாட்டில் கிட்டத்தட்ட 700 கிராம் குறைந்து 67.5-க்கு வந்திருக்க வேண்டியவர், தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார். இந்த 700 ஒரே நாளில் வரவில்லை. 14-ஆம் நாள் 67.9-ஆக இருந்தது அப்புறம் இறங்க மறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மெல்ல மேலே வந்திருக்கிறது. உப்பு ஏற்றம் ஓர் இரவில் நடக்கும், சுழற்சி ஏற்றத்துக்கு ஒரு வாரமாவது ஆகும். இரண்டையும் அடையாளம் காண எனக்குத் தெரிந்த நல்ல வழி இந்த வேக வேறுபாடுதான்.

கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உயர்கிறது. விசித்திரம் என்னவென்றால், புரோஜெஸ்டிரோன் தனியாகப் பார்த்தால் உப்பை வெளியேற்றும் பக்கம்தான். சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் எந்த ஏற்பியில் போய் உட்காருமோ, அதே இடத்தில் புரோஜெஸ்டிரோன் போய் உட்கார்ந்து வழியை மறிக்கும். இழப்பைச் சரிக்கட்ட உடல் ரெனினையும், அது தூண்டும் ஆல்டோஸ்டிரோனையும் கூட்டுகிறது. இன்னொரு பக்கம் ஈஸ்ட்ரோஜன், தாகமும் நீரைப் பிடித்துவைக்கும் வாசோபிரெசினும் வழக்கத்தைவிடச் சீக்கிரமே தூண்டப்படும்படி செய்கிறது. இந்த இழுபறியின் விளைவு ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. சிலருக்கு மெஷினில் எதுவுமே தெரியாது, பலருக்கு அரை கிலோ அளவில் இருக்கும், சிலருக்கு ஒன்றரை கிலோவையும் தொடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மலச்சிக்கலும் பசியும் கூடுவதால் அந்தச் சுமையும் இதில் சேர்ந்துகொள்ளும்.

உச்சம் எப்போது என்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். இரத்தப்போக்கு தொடங்கியதும் எடை சட்டென்று இறங்கிவிடும் என்று எதிர்பார்ப்பார்கள். பெண்களைத் தினமும் குறிக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வில், உடம்பு கனத்த உணர்வு உச்சத்தைத் தொட்டது இரத்தப்போக்கின் முதல் நாளில்தான். இறக்கம் அதற்குப் பிறகு. இவருக்கும் முதல் நாள் 68.6, இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை வரிசையாக இறங்கி, 67.2-இல் வந்து நின்றது. முதல் நாளிலிருந்து 1.4 கிலோ, சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாமல். "அப்போ அது எல்லாம் தண்ணியா?" என்று கேட்டார். இறங்கியது பெரும்பாலும் தண்ணீர்தான் என்றேன். கடந்த நான்கு வாரமாகக் கரைந்துகொண்டிருந்த கொழுப்பின் கணக்கு மேலே இருந்த நீர் விலகியதும் தெரிந்தது, அவ்வளவுதான்.

சரி, மாதத்தோடு மாதத்தை எப்படி ஒப்பிடுவது?

அவர் முதலில் கேட்டது வாரச் சராசரி எடுத்தால் போதாதா என்பது. பலரும் பரிந்துரைப்பதுதான், உப்பு மாதிரியான இரண்டு மூன்று நாள் ஏற்றங்களை அது நன்றாகவே அமுக்கும். ஆனால் சுழற்சி நீர் ஒரு வாரத்துக்கு மேல் தங்குவது. ஏழு நாள் சராசரியும் அதன் மேலேயே ஏறி இறங்கும். இவர் எடை பார்த்த முதல் ஏழு நாளின் சராசரி 68.1, 22 முதல் 28-ஆம் நாள் வரையிலான சராசரி 68.3. கொழுப்பு குறைந்துகொண்டிருந்த காலத்தில் வாரச் சராசரியும் இருநூறு கிராம் ஏறித்தான் காட்டியது. சுழற்சியை அமுக்கச் சராசரி ஒரு முழுச் சுழற்சியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நான் பயன்படுத்துவது வேறு. ஒரு சுழற்சியில் நீர் வற்றியிருக்கும் ஐந்து நாட்களை எடுத்து, அடுத்த சுழற்சியின் அதே ஐந்து நாட்களோடு வைத்துப் பார்ப்பது. இரத்தப்போக்கு நின்று, கருமுட்டை வெளியாவதற்கு முன் உள்ள இடைவெளி இதற்குத் தோது. இவர் 7-ஆம் நாளில் தொடங்கியதால் 7 முதல் 11 வரை எடுத்தோம். முதல் சுழற்சியில் 68.2, 68.3, 68.0, 68.1, 67.9, சராசரி 68.1. இரண்டாவதில் 67.2, 67.0, 67.3, 67.0, 67.0, சராசரி 67.1. வித்தியாசம் சரியாக ஒரு கிலோ. 29 நாள், நாளுக்கு 300 கலோரி என்று கணக்குப் போட்டால் 1.1 கிலோ வர வேண்டும். கட்டுப்பாடு வேலை செய்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவைப்படவில்லை.

இந்த ஐந்து நாளைத் தேர்வு செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுழற்சி நீளம் மாதத்துக்கு மாதம் மாறும்போது பெரும்பாலும் மாறுவது கருமுட்டை வெளியாவதற்கு முந்தைய பகுதிதான். வெளியான பிறகு அடுத்த மாதவிடாய் வரை ஏறக்குறைய இரண்டு வாரம். அதனால் 25-ஆம் நாளை 25-ஆம் நாளோடு ஒப்பிடுவது தவறாகப் போகும். 29 நாள் சுழற்சியில் அது அடுத்த மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்பு, 27 நாள் சுழற்சியில் மூன்று நாள் முன்பு. நீர் அளவு இரண்டிலும் ஒன்றல்ல. முன்பாதியை முதல் நாளிலிருந்து முன்னோக்கி எண்ணலாம். பின்பாதியை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால், மாதவிடாய் வந்த பிறகு அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வருவதற்கு முன் எண்ணவே முடியாது என்பதால் அந்த நாட்களின் எண்களை உடனுக்குடன் நம்புவதில் பயனில்லை.

ஐந்து நாளுக்குள் உப்பு விருந்து ஒன்று வந்துவிட்டால்? அதற்குள் வரவில்லை, ஆனால் அது முடிந்த மறுநாளே ஒன்றைப் பார்க்கக் கிடைத்தது. இரண்டாம் சுழற்சியில் 12-ஆம் நாள் இரவு மறுபடி வெளிச் சாப்பாடு. காலையில் 66.9 இருந்தது மறுநாள் 67.6, அப்புறம் 67.3, 67.0, 66.8. ஓர் இரவில் 700 கிராம் ஏற்றம், மூன்று நாளில் முழு இறக்கம். சுழற்சி நீரின் கலப்பு அதிகம் இல்லாத நாட்களில் உப்பு ஏற்றம் தனியாக இப்படித்தான் தெரியும். சனி இரவு ஏறியதிலும் இதே அளவு தற்காலிகம்தான் என்று பின்னோக்கிச் சொல்ல இந்த நான்கு எண்கள் உதவின. இப்படி ஒரு விருந்து ஐந்து நாளுக்குள் விழுந்தால் அடுத்த மூன்று காலை எண்களை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம். எண்ணை அழிக்க வேண்டாம், பக்கத்தில் "வெளிச் சாப்பாடு" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். உப்பு ஏறிய மறுநாள் பட்டினி கிடப்பதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிலர் செய்வது. அதனால் உப்பு வேகமாகப் போகாது. சிறுநீரகம் அதன் போக்கில் வெளியேற்ற விட்டாலே போதும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, எடை பார்க்கும் முறை ஒன்றாக இருப்பது. காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரே மாதிரி மெல்லிய உடையில், கெட்டியான தரையில். மெஷினை விரிப்பின் மேல் வைத்தால் எண் மாறும். இவருடைய மெஷினில் ஒரு விஷயம் எனக்குச் சந்தேகமாக இருந்தது: திரும்பத் திரும்ப ஏறினாலும் துல்லியமாக அதே எண். சில டிஜிட்டல் மெஷின்கள் முந்தைய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, வித்தியாசம் சின்னதாக இருந்தால் பழையதையே காட்டிவிடும். தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை, கீழே வைத்துவிட்டு ஒருமுறை ஏறிப் பார்க்கச் சொன்னேன். அரை லிட்டர் பாட்டிலுக்கு அரை கிலோ கூடிக் குறைந்தது, இவர் மெஷினில் பிரச்சினை இல்லை.

அதே மெஷின் கொழுப்பு சதவீதமும் காட்டும். 28-ஆம் நாள் எடை ஏறிய அன்று அது கொழுப்பைக் குறைத்துக் காட்டியது அவரை மேலும் குழப்பியிருந்தது. மெல்லிய மின்சாரத்தைக் காலில் செலுத்தி, தடையை வைத்துக் கொழுப்பை ஊகிக்கும் கருவி அது. உடம்பில் நீர் கூடினால் தடை குறையும், கருவி அதைத் தசை என்று எடுத்துக்கொள்ளும். நீர் ஏறி இறங்கும் நாட்களில் அந்தச் சதவீதத்தைப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாம் சுழற்சி 27 நாளில் முடிந்தது. மூன்றாவதில் 7 முதல் 11-ஆம் நாள் வரையிலான சராசரி 66.3. இந்த முறை 800 கிராம்தான் குறைந்திருந்தது, கணக்குப்படி ஒரு கிலோவை ஒட்டி வந்திருக்க வேண்டும். இங்கே தண்ணீர் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் நீர் வற்றிய நாட்கள். 800 கிராமை 27 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 230 கலோரி. முதல் முறை வந்த ஒரு கிலோவில் தொடக்க நாட்களின் கிளைக்கோஜன் நீர் கொஞ்சம் கலந்திருக்கலாம். இந்த முறை வெளிச் சாப்பாடும் கொஞ்சம் கூடியிருந்தது. எப்படியானாலும் நாங்கள் இப்போது பேசியது எழுபது கலோரியைப் பற்றி. நான்காவது திங்கள்கிழமை அவர் நிறுத்த நினைத்ததோ ஒரு முழு வேளைச் சாப்பாட்டை.

இந்த முறை எல்லோருக்கும் பொருந்தாது. ஹார்மோன் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு மாத்திரையை நிறுத்தும் நாட்களில் வரும் இரத்தப்போக்கு இயல்பான சுழற்சியைச் சேர்ந்ததல்ல. அவர்கள் மாத்திரை அட்டையின் நாளை வைத்து ஒப்பிடலாம். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்கள், மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குபவர்கள், சுழற்சி 25 நாளிலும் 45 நாளிலும் மாறி மாறி வருபவர்கள் ஆகியோர் நாளை எண்ணிப் பொருத்துவது வீண் வேலை. அவர்களுக்கு நான்கு வாரச் சராசரியும் இடுப்புச் சுற்றளவும்தான் மிச்சம்.

சில வீக்கங்களை உப்பு, பீரியட்ஸ் என்று தள்ளிவிடக் கூடாது. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்பது, ஒரு கால் மட்டும் வீங்குவது, எடை ஏற்றத்தோடு மூச்சு வாங்குவது, கர்ப்பத்தில் திடீர் ஏற்றத்தோடு தலைவலியோ பார்வை மங்கலோ வருவது, இவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், முந்தைய நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.